பக்கம் திருப்பியபோது மாறிய கட்டங்கள்

நீங்கள் தப்பாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். தப்பு என்று தெரிந்த பிறகும் என்னிடம் அதே தப்பைச் சொல்ல வைத்து பாஸ் போட்டீர்கள். பேத்தாலஜி பேராசிரியரே, இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

எண்பதுகளின் பின்பாதி. சேலத்தில் நாங்கள் இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவர்கள். உங்கள் வகுப்பில் யாரும் பாடம் கேட்பதில்லை, எழுதுவோம். பழுப்பேறிய தாள்களைப் பார்த்து நீங்கள் வாசிப்பீர்கள், நூறு பேனா ஓடும். நடுவில் சந்தேகம் கேட்டவனை நிற்க வைத்துவிட்டு வாசிப்பைத் தொடர்வீர்கள். அதனால் யாரும் கேட்பதில்லை.

ஒரு நாள் பாடம், செல் சாவின் இரண்டு வகை. நோட்டில் இரண்டு கட்டம்: இடப்பக்கம் நெக்ரோசிஸ், வலப்பக்கம் அபாப்டோசிஸ். வித்தியாசம் எழுதுக என்றால் பத்து மார்க். முதல் இரண்டு வரி சரியாக வந்தது. நெக்ரோசிஸ் எப்போதுமே நோயால் வருவது: ரத்த ஓட்டம் அடைபட்டால், விஷம் பட்டால், கிருமி தாக்கினால். செல்கள் கூட்டமாகச் சாகும். அபாப்டோசிஸ் உடம்பே நடத்தும் சாவாகவும் இருக்கலாம், நோயிலும் வரலாம். ஒற்றைச் செல்லாகப் போகும்.

பிறகு பக்கத்தைத் திருப்பினீர்கள். தாளின் பின்புறத்தில் கட்டங்கள் இடம் மாறி இருந்திருக்க வேண்டும். "நெக்ரோசிஸில் செல் சுருங்கும், சவ்வு கிழியாது, அழற்சி இராது. அபாப்டோசிஸில் செல் வீங்கும், சவ்வு கிழியும், உள்ளே இருப்பது வெளியே கொட்டும், அழற்சி வரும்." அத்தனையும் தலைகீழ். நூறு பேரும் எழுதினோம். நானும்தான்.

எனக்கு உறுத்தியது நுண்ணோக்கியில் ஸ்லைடு பார்த்தபோது. முதலில் ரத்தம் போகாமல் செத்த சிறுநீரகம். செல்களின் வெளிக்கோடு மட்டும் அப்படியே நிற்கிறது, உள்ளே உட்கரு இல்லை. ஆள் போன வீடுகள் வரிசையாக நிற்பதுபோல. ஓரத்தில் வெள்ளையணுக்கள் கூட்டமாக மொய்க்கின்றன, அதுதான் அழற்சி. அது கோயாகுலேட்டிவ் நெக்ரோசிஸ் என்று நீங்களே சொன்னீர்கள். அழற்சி இராது என்று எழுதின நோட்டு பக்கத்திலேயே இருந்தது.

அடுத்தது மஞ்சள் காமாலைக்காரனின் கல்லீரல். உயிருள்ள செல்களின் நடுவே ஒரே ஒரு செல், சுருங்கி, அடர்ந்த ரோஜா நிறத்தில், பக்கத்துச் செல்களிலிருந்து விலகிக் கிடந்தது. உட்கரு கரும்பொட்டாகச் சுருண்டிருந்தது. அபாப்டோசிஸ். அது வீங்கவில்லை, வெடிக்கவும் இல்லை. நூலகத்தில் இருந்த ஒரே புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன். புத்தகமும் ஸ்லைடும் ஒன்றைச் சொல்லின. நோட்டு வேறு சொன்னது.

அறை நண்பனிடம் காட்டினேன். அவன் ராசிபுரத்துக்காரன், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை.

"ஏண்டா, ஸ்லைடா உனக்கு மார்க் போடுது? அவருதாண்டா போடுறாரு. பொத்திக்கிட்டு உருப்போடு."

"தப்புடா இது."

"நூறு பேருக்குத் தப்பில்ல, உனக்கு மட்டும் தப்பா? பெரிய ஆராய்ச்சி பண்றாரு இவரு."

பல்கலைக்கழகத் தேர்வில் அதே கேள்வி வந்தது. நான் புத்தகத்தில் இருந்ததை எழுதினேன். தாள் வெளியூரில் திருத்தப்பட்டது, தேறிவிட்டேன். ஆனால் வாய்மொழித் தேர்வு உங்கள் மேஜையில். உங்கள் பக்கத்தில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். எதிரே நோயுற்ற உறுப்புகள் மிதக்கும் ஃபார்மலின் ஜாடிகள்.

நெக்ரோசிஸ் வகைகளைக் கேட்டீர்கள். ஜாடி ஜாடியாகச் சொன்னேன். மூளையில் ரத்தம் அடைபட்டால் திசு கூழாகிவிடும், அது லிக்விஃபேக்டிவ். காசநோய்க் கட்டியில் பாலாடைக்கட்டி போல உதிரும், அது கேசியஸ். கணையம் கெட்டால் கொழுப்பில் சுண்ணாம்புத் திட்டு, அது ஃபேட் நெக்ரோசிஸ். ரத்தக்குழாய்ச் சுவரில் பளிச்சென்ற ரோஜா நிறப் படிவு, ஃபிப்ரினாய்டு. கறுத்த கால்விரல் கேங்கரின். தலையை ஆட்டினீர்கள்.

"அபாப்டோசிஸில் செல் என்ன ஆகும்?"

"சுருங்கும் சார். துண்டு துண்டாப் பிரியும், ஒவ்வொரு துண்டுக்கும் சவ்வு இருக்கும். பக்கத்துச் செல்லு விழுங்கிடும். அழற்சி வராது."

"நான் என்ன எழுதச் சொன்னேன்?"

வெளித் தேர்வாளர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனார். நீங்கள் வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளி, "இது கிளாசுக்கே வராதவன் சார்" என்றீர்கள். ஒரு நாள்கூட நான் மட்டம் போட்டதில்லை. அவர் வடையை எடுத்துக்கொண்டார். நான் ஃபெயில்.

ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். அப்பா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு தடவ எழுது சாமி. அதுலயும் போச்சுன்னா உங்க மாமன் ரிக் வண்டி இருக்குது. மழைக்கு முன்னாடி ஆந்திராப் பக்கம் போறாங்களாமா. ஏறிக்க."

"நான் சொன்னது சரிங்கப்பா."

"சரின்னா ஏனுங்க பெயிலாக்குறாங்க?" என்று அம்மா அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். வாசலில் மாமனின் வண்டி போர் போடும் இரும்புக் குழாய்களோடு நின்றது. அதைப் பார்க்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது.

ஆறு மாதம் போனது. மறுதேர்வுக்கு ஒரு வாரம் முன்பு ஜூனியர் மாணவி ஒருத்தியின் நோட்டை வாங்கிப் புரட்டினேன். அதே பாடம், அதே வரிசை, உங்கள் அதே வாசகங்கள். ஆனால் கட்டங்கள் சரியாக இருந்தன. நெக்ரோசிஸில் வீக்கம், அபாப்டோசிஸில் சுருக்கம்.

"சார் இப்படியேவா சொன்னாரு?"

"ஆமாண்ணா. நிறுத்தி ரெண்டு தடவை சொன்னாரு. ஏண்ணா?"

உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியானால் இந்தமுறை எதைச் சொல்வது? சரியானதைச் சொன்னால், போன முறை என்னை ஃபெயிலாக்கியது தப்பு என்று நீங்களே ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்கிற ஆளா நீங்கள்?

அதே மேஜை. வெளித் தேர்வாளர் வேறு ஆள், வராந்தாவில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் வேறு எதுவும் கேட்கவில்லை. அதை மட்டும் கேட்டீர்கள்.

"அபாப்டோசிஸில் செல் என்ன ஆகும்?"

உங்கள் முகத்தைப் பார்த்தேன். காத்திருந்தீர்கள்.

"வீங்கும் சார். சவ்வு கிழியும். அழற்சி வரும்."

சிரித்தீர்கள். "இப்பத்தாண்டா படிச்சிருக்கே" என்று மார்க் தாளில் எழுதினீர்கள். என் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தீர்கள்.

நான் டாக்டரானேன், மாமன் வண்டியில் ஏறவில்லை. ஆனால் தப்பு என்று தெரிந்தே வாயால் சொன்னதுதான் என்னைக் காப்பாற்றியது. அதில் என் கோழைத்தனமும் இருக்கிறது, மறைக்கவில்லை. எங்கள் வகுப்பில் சிலர் பேத்தாலஜிக்கே போனார்கள், நோயாளியின் சதைத் துணுக்கைப் பார்த்து என்ன நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்கள் பிறகு திருத்திக்கொண்டார்களா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நீங்கள் கேட்டதுமில்லை. ஜூனியர்களுக்குத் திருத்தினீர்கள், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது ஓய்வுபெற்று சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறீர்கள். பழைய மாணவர் கூட்டத்துக்கு உங்களைத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் முன்வரிசையில் இருப்பேன். மாலையை வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மைக்கைப் பிடித்ததும் அந்த நூறு பேருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: கட்டங்கள் மாறியது உங்களுக்கு எந்த நாளில் தெரிந்தது? தெரிந்த பிறகும் என் வாயிலிருந்து அந்தப் பதிலை ஏன் வாங்கினீர்கள்?