ஐஸ் உருகினால் யாரைக் கூப்பிடுவது?

தொண்ணூறுகளில் பிரிக்பீல்ட்ஸில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்த்தேன். சிறு வியாபாரிகளுக்கு வானொலி விளம்பரம் எழுதுவது என் பொறுப்பு. பெரும்பாலும் பதினைந்து வினாடிதான். அதற்கு மேல் வாங்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

கிள்ளானில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் ஒருவர் மனைவியோடு வந்தார்.

"ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏர்கோன் எல்லாம் செய்வேன்னு போடுங்க மிஸ். அப்பா காலத்துக் கடைன்னும் சொல்லணும்."

"அவ்வளவும் சொன்னா கடைப் பேரு சொல்ல நேரம் இருக்காதுண்ணே. ஒரே ஒரு தொல்லையைச் சொல்லுவோம். எதுக்கு உங்களை அதிகமாத் தேடறாங்க?"

அவர் கம்ப்ரசர், கேஸ் என்று தொடங்கினார். மனைவி குறுக்கிட்டார். "கேஸ் போச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஐஸ் உருகி மீனு நாறுதுன்னுதான் வருவாங்க. ஃபிரிட்ஜை லோரியில ஏத்திட்டு வரணுமான்னு வேற கேப்பாங்க."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அங்கேயே எழுதினேன்:

"ஐஸ் உருகி அடுப்படியெல்லாம் தண்ணியா? ஃபிரிட்ஜைத் தூக்கிட்டு அலையாதீங்க! கிள்ளான்ல உங்க வீட்டுக்கே வந்து சரி பண்றோம். இப்பவே கூப்பிடுங்க." அதன்பின் கடைப் பெயர், தொலைபேசி எண்.

தொல்லைக்கு முதல் வரி, தீர்வுக்கு அடுத்த இரண்டு, மீதி நேரம் முழுவதும் எண்ணுக்கு. எண்ணை நிதானமாகச் சொல்லாவிட்டால் யார் மனதிலும் நிற்காது. வாசித்துப் பார்த்தபோது நேரம் சரியாக இருந்தது. அவருக்குத்தான் அப்பாவை விட்டதில் வருத்தம்.

பதிவுக்கு முன் எண்ணை ஒருமுறை சுழற்றிப் பார்ப்பது என் வழக்கம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நான்தான் இங்க இருக்கேனே, யார் எடுப்பா?" என்று சிரித்தார்.

"நாளைக்கு மேரு பக்கம் வேலைக்குப் போனா?"

சிரிப்பு நின்றது. இப்பவே கூப்பிடுங்கள் என்று ஊரையே அழைத்துவிட்டு, ஆளில்லாத கடையில் மணி அடித்தால் விளம்பரம் எடுத்ததே வீண்.

"வீட்டு நம்பரைக் கொடுங்க மிஸ்," என்றார் மனைவி. "நான் வீட்டுலதானே தைக்கிறேன்."

"கண்டவங்க பேசுவாங்க. உனக்கு எதுக்குலா?"

"ஃபிரிட்ஜு கெட்டவங்கதான் பேசுவாங்க. அட்ரஸ் கேட்டு வைக்கிறதுல என்ன கஷ்டம்?"

கடைசியில் வீட்டு எண்ணைக் கணவரே சொன்னார். தாளில் கடை எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டு அதை எழுதினேன். பதிவும் அன்றே முடிந்தது.

விளம்பரம் ஒலிபரப்பான முதல் வாரத்தில் அந்த அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. குரல் கம்மியிருந்தது.

"காலையில ரேடியோ முடிஞ்சதும் ஆரம்பிச்சிடறாங்க மிஸ். செலாயாங்லேருந்துகூடக் கூப்பிட்டாங்க. அவ்வளவு தூரம் வர முடியாதுன்னு சொல்லிட்டேன். பக்கத்து பக்கத்து வீடா சேத்து நான்தான் அவரை அனுப்பறேன்."

"அண்ணன் என்ன சொல்றாரு?"

"சாப்பிட நேரம் விடுடின்னு கெஞ்சறாரு."

பேச்சுக்கு நடுவே யாரோ வாசலில் கூப்பிடுவது கேட்டது. தைக்கக் கொடுத்த ரவிக்கைக்காக ஆள் வந்திருக்கிறது, இன்னும் கைவைக்கவே இல்லை என்று சொல்லி அவசரமாக வைத்துவிட்டார்.