அப்பாவின் இடது கண்ணுக்கு ஒரு டிவி

வாரத்தில் ஐந்து நாள் அலுவலக நாற்காலிகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, சனி ஞாயிறிலும் நாற்காலிதான் என்று தலையில் எழுதியிருந்தால் யார் என்ன செய்ய முடியும்? அவள் வேலை பார்க்கும் இடத்தில் யாருக்கு முதுகு வலித்தாலும், எந்த மேசையில் வெளிச்சம் கண்ணைக் குத்தினாலும் புகார் அவளிடம்தான் வரும். வீட்டில் அவளுக்குப் பெயர் மேனேஜர். அப்பா வைத்த பெயர். அதில் பெருமை கால்பங்கு, கிண்டல் முக்கால்பங்கு.

அம்மா இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையறையில் இருந்தாள். டிவி கூடத்தில் இருந்தது. அப்பா டிவியோடு இருந்தார். ஐம்பது வருடம் ஒரே சோபாவில் உட்கார்ந்து சண்டை போட்ட தம்பதிக்கு நடுவே இப்போது ஒரு சுவர். "மந்திரி ராஜினாமாவாம்!" என்று அப்பா இங்கிருந்து கத்துவார். "எந்த மந்திரி?" என்று அம்மா அங்கிருந்து கத்துவாள். பதில் வருவதற்குள் அப்பா தூங்கிப்போயிருப்பார். மந்திரி பெயர் தெரியாமலே அம்மா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாளாக ஆக அம்மா கேட்பதையும் விட்டுவிட்டாள். அதுதான் மகளுக்குப் பயம்.

ஆகவே படுக்கையறைக்கு ஒரு டிவி. இருவரும் ஒரே அறையில் உட்கார வேண்டும். இரண்டே நாளில் முடிய வேண்டும். திங்கட்கிழமை அவளுக்காக இருநூறு முதுகுகள் காத்திருக்கின்றன.

சனிக்கிழமை காலை டிவியை மாட்ட வந்தவர் சுவரை அண்ணாந்து பார்த்தார். "மேல மாட்டிடலாம்மா. லாட்ஜுல எல்லாம் அப்படித்தான். பாக்க கம்பீரமா இருக்கும்."

"கம்பீரமா இருக்கும். எங்கம்மா கழுத்து பிடிச்சுக்கும்."

நாற்காலியில் உட்கார்ந்தால் கண் எந்த உயரமோ அந்த உயரத்துக்குத் திரையின் நடு வர வேண்டும். தலையணைகளில் சாய்ந்திருக்கும் அம்மாவுக்காகச் சற்றே மேலே. திரை முன்பக்கம் லேசாகக் குனிந்திருக்க வேண்டும். இதை அவள் சொல்லி முடித்ததும் அவர் துளை போட ஆரம்பித்தார். தெய்வத்தோடும் வாடிக்கையாளரோடும் வாதாடக் கூடாது என்பது அவர் தொழில் தர்மமாக இருக்கலாம்.

ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் திரையில் தெருதான் தெரியும் என்று பக்கத்துச் சுவரைத் தேர்ந்தெடுத்தாள். திரைக்குப் பின்னால் ஒரு மெல்லிய விளக்கு, இருட்டில் திரை மட்டும் பளீரென்று கண்ணை அடிக்காமலிருக்க. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை தரையோரம் இன்னொரு சின்ன விளக்கு. காலில் மாட்டாதபடி ஒயர்களைச் சுவரோடு சேர்த்துக் கட்டினாள். அப்பாவுக்குக் கைப்பிடி வைத்த, கெட்டியான, உயரமான நாற்காலி. உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுசாகப் பதியும். எழும்போது கையை ஊன்றலாம்.

"இது என்ன, ஆஸ்பத்திரி வராண்டாவா?" என்றார் அப்பா. "கூடத்துல இருக்கற சோபாதான் சோபா. உக்காந்தா உள்ள இழுத்துக்கும்."

"இழுத்துக்கும் சரி. வெளியில விடுமா? நேத்து எழுந்திருக்க எத்தனை தடவை முயற்சி பண்ணீங்க?"

அப்பா பேச்சை மாற்றி டிவியைப் பார்த்தார்.

கடையில் ஆளை இழுக்க வைத்திருந்த பளபளப்பு நிலையிலேயே அது வந்திருந்தது. செய்தி வாசித்தவளின் கன்னம் தக்காளியாக இருந்தது. மகள் அதைச் சினிமாவுக்கான நிலைக்கு மாற்றினாள். அசைவை அளவுக்கு மீறி வழவழப்பாக்கி, நாடகத்துக்காரர்களை வழுக்கிக்கொண்டே நடக்க வைக்கும் ஒரு வசதியை அணைத்தாள். நிறத்தை இதமான பக்கம் நகர்த்தினாள். பேச்சுக் குரலைத் தூக்கினாள். கட்டிலில் படுத்துப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் கண்ணுக்கு எல்லாம் அமிர்தம். அந்தக் கண் யாருடையது என்ற கேள்வி மட்டும் அவளுக்கு எழவில்லை.

ஞாயிறு காலை அப்பா தீர்ப்பு சொன்னார்: "மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு."

நிறத்தைக் குளிர்ந்த பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப நீலம் பூசின மாதிரி இருக்கு."

நடுவில் வைத்தாள். அப்பா வலது கண்ணை மூடினார். "மஞ்சள்." இடது கண்ணை மூடினார். "நீலம். நீ வாங்கினது ஒரு டிவியா ரெண்டா?"

மகள் ரிமோட்டோடு கட்டிலோரம் சரிந்து உட்கார்ந்தாள். போன மாதம்தான் அப்பாவின் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இடது கண் இன்னும் வரிசையில் நிற்கிறது. புரை விழுந்த கண்ணுக்கு உலகமே பழைய மஞ்சள் கண்ணாடி. எடுத்த கண்ணுக்கு எல்லாமே புதுசாய் வெளுத்த நீலம். கண் டாக்டர் சொன்னபோது அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாள். இந்தத் தகராறைத் தீர்க்கும் பொத்தான் எந்த ரிமோட்டிலும் இல்லை.

"எனக்கு ரெண்டும் தெரியல," என்றாள் அம்மா. "இருட்டா இருக்கு. கொஞ்சம் தூக்கு." அம்மாவுக்கு இரண்டு கண்ணும் வரிசையில்.

வெளிச்சத்தைத் தூக்கினாள். "கண்ணு கூசுது," என்றார் அப்பா. குறைத்தாள். "யாரோ நிக்கறாங்க, ஆம்பளையா பொம்பளையா?" என்றாள் அம்மா. தூக்கினாள். குறைத்தாள். பிற்பகல் முழுக்க அவள் கட்டைவிரல் கடல் அலையின் வேலையைச் செய்தது. அலைக்காவது திங்கட்கிழமை அலுவலகம் என்ற கவலை கிடையாது.

கடைசியில் அப்பா கைப்பிடியில் ஊன்றி எழுந்தார். அவ்வளவு சுலபமாக எழ முடிந்ததில் அவருக்கே வியப்பு. "நான் கூடத்துக்கே போறேன். உங்கம்மா நிம்மதியாப் பாக்கட்டும்." நாற்காலி அதன் கடமையைச் செய்துவிட்டது: அவரை அறையைவிட்டுக் கிளம்ப வைத்தது. இரண்டு நாள் உழைப்பு வாசல் வரை நடந்து போவதை மகள் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள் அம்மா. "அந்தப் பொண்ணு கட்டியிருக்கறது பச்சைப் புடவைதான?"

அப்பா வாசலிலேயே நின்றார். திரும்பினார். வலது கண்ணால் பார்த்தார். "பச்சையா? நீலம்!"

"பச்சை."

"உனக்குக் கண்ணு சரியில்ல."

"உங்களுக்கு ஒண்ணுதான் சரியா இருக்கு. பெரிய பேச்சு."

அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார், விஷயத்தைக் கிட்டேயிருந்து நிரூபிக்க. மகள் வாயைத் திறந்தாள். அவள் கண்ணுக்கு அது சாம்பல் நிறப் புடவை. வாயை மூடிக்கொண்டாள். அம்மாவுக்காகப் படத்தின் வெளிச்சத்தை அரைப்பங்கு தூக்கினாள். அப்பாவின் கண் கூச்சத்துக்குத் திரைக்குப் பின்னிருந்த விளக்கைக் கொஞ்சம் கூட்டினாள். நிறத்தை நடுவில் விட்டாள். யாருக்கும் சரியாக இல்லை. அதனால் யாரும் தோற்கவும் இல்லை. ரிமோட்டைக் கட்டிலில், இருவர் கைக்கும் எட்டும் இடத்தில் வைத்தாள்.

"கீழ என்னவோ எழுத்து ஓடுதே, என்னங்க?"

"மந்திரி ராஜினாமாவாம்!"

"எந்த மந்திரி?"

"இரு, பேரு வருது."

மகள் கூடத்துக்குப் போய்ப் பழைய சோபாவில் உட்கார்ந்தாள். அது அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. எழப் பார்த்தாள்; முடியவில்லை. இன்னொரு முறை முயலத் தெம்பும் இல்லை. நாளைக்கு இருநூறு முதுகுகள். இன்றைக்கு அவளுடையது ஒன்று, புகார் வாங்கிக்கொள்ள ஆளில்லாமல்.

அருகிலேயே சாய்ந்திருக்கும் மனைவியிடமும், சுவருக்கு அப்பால் இருப்பவளிடம் சொல்லும் பழக்கத்தில், அப்பா முழுக் குரலில் கத்திக்கொண்டிருந்தார். மந்திரியின் பெயர் கூடம் வரை தெளிவாகக் கேட்டது.

"மெதுவா சொல்லுங்க, இங்கதான இருக்கேன்," என்றாள் அம்மா.