மீதி ஆறு மாதம்

என் முனைவர் பட்ட ஆய்வுக்கு இரண்டு வழிகாட்டிகள்: சென்னையில் ஒருவர், ஜெர்மனியில் ஒருவர். அங்கே ஓராண்டு தங்கினால்தான் இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரே பட்டம் தரும். ஆறு மாதம் முடித்து ஆவடிக்குத் திரும்பியபோது, என் மகள் மாமியாரின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"ரெண்டு நாள்ல ஒட்டிக்கும். நீ மீதியையும் முட்ச்சிட்டு வாம்மா, நான் பாத்துக்கினு கீறேன்," என்றார் மாமியார்.

நான் போகவில்லை.

"அப்ப நம்ம யுனிவர்சிட்டி பட்டம் மட்டும்தாம்மா கிடைக்கும்," என்றார் சென்னை வழிகாட்டி.

ஜெர்மன் பேராசிரியரிடம் காணொளி அழைப்பில் சொன்னேன். பட்டத்தில் தன் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்காது என்று தெரிந்தும், "மூன்றாம் அத்தியாயத்தை எப்போது அனுப்புவீர்கள்?" என்றுதான் கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், மடியில் தூங்கும் மகளைப் பார்த்தபடி "வெள்ளிக்கிழமை" என்றேன்.