நான் முதலில், அவர்கள் பிறகு

கடலோரக் களப்புகளில் படியும் பிளாஸ்டிக் துகள்களைப் பற்றி ஆய்வு செய்ய, ஜெர்மனியில் ஒரு நிறுவனம் என்னை இரண்டு வருடங்களுக்கு எடுத்திருந்தது. சம்பளமில்லை, உதவித்தொகை. விசாவுக்கு, நிறுவனமும் நானும் கையெழுத்திட்ட ஹோஸ்டிங் அக்ரிமென்டும், எவ்வளவு பணம், எவ்வளவு காலம் என்று சொல்லும் நிதிக் கடிதமும் வேண்டும்.

அந்தக் கடிதத்தைத் தயாரிக்க முன்னர், குடும்பமும் வருகிறதா என்று கேட்டிருந்தார்கள். என் கணவர் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு வங்கிக் கிளையில் உதவி மனேஜர். வேலையை விடுவதா என்று அப்போது அவர் முடிவெடுக்கவில்லை. தனியாக வருகிறேன் என்றே எழுதினேன். பிறகுதான், சம்பளமில்லாத நோபே லீவு கிடைக்காது என்று வங்கி சொன்ன அன்று, வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பி வந்தவர் சாப்பிட்டுக்கொண்டே, "சரி, மூண்டு பேரும் போவம்" என்றார்.

கல்யாணச் சான்றிதழையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் மொழிபெயர்ப்பித்து, மூன்று விண்ணப்பங்களோடு ஜெர்மன் தூதரகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் கணவரைப் பார்த்து, "நீங்களா ஆராய்ச்சியாளர்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை, அவதான். நான் அவவோட போறவன்" என்று அவரும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். குரலில் கூச்சமில்லை. எனக்குத்தான் ஒரு கணம் என்னவோ போல் இருந்தது.

அந்தப் பெண் நிதிக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். "இதில் உங்களுக்கு மட்டும்தான் பணம் சொல்லியிருக்கு. குடும்பம் எதில் வாழும்? உங்கட விண்ணப்பம் சரி. மற்ற ரெண்டுக்கும் வேறு கடிதம் வேணும்."

வெளியே வந்து வராந்தாவில் நின்றோம். கடிதம் திருந்தி வரும்வரை காத்திருந்தால் அக்ரிமென்டில் இருந்த தொடக்கத் திகதி தவறிவிடும்.

"எல்லாத்தையும் தள்ளிப் போடுவம்" என்றேன்.

"விசரே உமக்கு? உம்மடையைக் குடும். நாங்கள் பின்னால வாறம்."

"பிள்ளை?"

"என்னட்டைத்தானே இருக்கப் போறாள்."

என்னுடையதை மட்டும் கொடுத்தேன். அன்றே ஆய்வு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். உதவித்தொகையோடு குடும்பப் படியும் உண்டு, ஆட்கள் வருவதைச் சொன்னால்தான் சேர்ப்போம் என்று பதில் வந்தது. புதிய கடிதம் வந்தபோது நான் புறப்பட ஆயத்தமாக இருந்தேன். அவர்கள் இருவரும் அதைக் கொண்டு விண்ணப்பித்தார்கள். ஆய்வாளரின் துணை என்பதால் கணவருக்கு ஜெர்மன் மொழிப் பரீட்சை தேவைப்படவில்லை. விசா முடிவு வந்த பின்னரே அவர் வங்கியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்.

குளிர் தொடங்கியபின் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் மகள் என்னோடு கதைக்கவில்லை, தகப்பனின் ஜக்கெட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ரயிலில் பாதி வழியில்தான் என் பக்கம் திரும்பி, "இஞ்ச எனக்கு எந்த ஸ்கூல்?" என்று கேட்டாள். சொன்னேன். அங்கே தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.