கட்டி தட்டாமல் அரை லிட்டர் பால்

எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. முப்பத்திரண்டு வயதுக்குள் ஏழு வேலை பார்த்திருந்தேன். அச்சகம், விதைக்கடை, உளுந்தூர்பேட்டையில் லாரி ஆபீஸ் என்று ஒவ்வொன்றாக விட்டு வந்து, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்து பேக்கரியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி நாலு வருஷம். ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. அதில் காற்று வந்தாலும் போக வழி தெரியாமல் நிற்கும்.

மனைவி ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிற வீட்டில் பிறந்தவள். ஐம்பது ஆளுக்குக் களி கிண்டுகிற கை அவளுக்கு.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன தங்கும் விடுதி. சமையலுக்குக் கணவன் மனைவியாக ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனோம். சமையல்கட்டுக்குப் பின்னால் தங்க ஓர் அறை. அதில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பலாமரம், அதற்கும் வெளியே முழு மலை. அவள் ஜன்னல் கட்டையில் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

மேனேஜர் எங்களைவிட இளையவர். "கொழம்பு, பொரியல்லாம் அக்கா நல்லா செய்வாங்கன்னு தெரியுது. ஆனா பெங்களூர்ல இருந்து வர்றவங்க புள்ளைங்களுக்கு பாஸ்தா கேக்கறாங்க. ஒயிட் சாஸ் தெரியுமா?"

"தெரியுமே" என்றேன். எங்கள் பேக்கரியில் அதைத் தட்டில் பார்த்திருக்கிறேன்.

"அப்ப ஞாயித்துக்கெழம வந்து இந்த அடுப்புலயே செஞ்சு காட்டுங்க. கட்டி இருந்தா வேணாம்."

பஸ்ஸில் மலை இறங்கும்போது அவள் கேட்டாள். "ஒயிட் சாஸ்னா இன்னாய்யா?"

பேக்கரி மாஸ்டரைக் கேட்டேன். மாவு பிசைந்துகொண்டே சொன்னார். "வெண்ணெ, மைதா ரெண்டும் ஒரே எடை. பத்து மடங்கு பாலு. தீ கம்மி. கை நிக்கக் கூடாது." அவ்வளவுதான். அரை லிட்டர் பாலுக்கு ஐம்பது கிராம் வெண்ணெய், ஐம்பது கிராம் மைதா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். முட்டை அடிக்கிற கம்பி மத்து ஒன்றும் வாங்கினேன்.

முதல் நாள் காலை அவள் செய்தாள். பாலைக் கொதிக்க வைத்து வெண்ணெயைப் போட்டு, நடுவில் மைதாவைக் குவியலாகக் கொட்டினாள். மூடி வைத்தாள்.

"கிளற வேணாமா?"

"களிக்கு மாவக் கொட்டிட்டு அப்பிடியே வேகத்தானே வுடுவோம்? வெந்தப்புறம் துடுப்பப் போட்டுக் கிண்டினா ஒண்ணு சேந்துரும்."

சேரவில்லை. களியின் கெட்டிக்குத் துடுப்பு அழுந்தி உடைக்கும். பாலில் அழுந்த எதுவும் இல்லை. உருண்டைகள் வழுக்கி வழுக்கி ஓடின. ஒன்றைப் பிடித்துப் பிட்டேன். மேலே பசை, உள்ளே ஈரமே படாத மாவு. வெந்த மேல்தோல் பாலை உள்ளே விடவில்லை. அவள் அந்த உலர்ந்த மாவை விரலால் தொட்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

மறுநாள் நான். வெண்ணெயில் மைதாவைப் போட்டேன். ரவை என்றால் வாசனை வரும்வரை வறுக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் ரத்தத்தில் ஊறியது. வறுத்தேன். வாசனை வந்தது, நிறமும் வந்தது. பாலை மொத்தமாக ஊற்றினேன். பழுப்பாக, அங்கங்கே கட்டியோடு, தண்ணியாக நின்றது. மாவு சிவந்தால் பாலை இறுக்கும் பலம் குறைந்துவிடுகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

"இன்னாய்யா இது, சுக்குக்காப்பியா?"

"நீ பண்ணதுல கோலி ஆடலாம்."

"ஆடு. அதான் உனக்கு வரும்."

மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். "நீ கரண்டி கரண்டியா ஊத்து. நான் கிண்டறேன்."

தீயை அணையும் விளிம்புவரை குறைத்தோம். வெண்ணெய் சீறாமல் உருகியது. மைதா விழுந்ததும் மத்து சுற்றத் தொடங்கியது. நுரை நுரையாகப் பொங்கியது. இரண்டு நிமிஷம். பச்சை மாவு வாசம் போனது, நிறம் மட்டும் மாறவில்லை. ஒரு கரண்டி பால் விட்டேன். சட்டென்று இறுகிச் சப்பாத்தி மாவுபோல் திரண்டது.

"கெட்டுச்சு!" என்றாள்.

"வுடாத, கிண்டு."

வழவழப்பானதும் இரண்டாவது கரண்டி. இளகியது. மூன்றாவது. ஒவ்வொரு துளி மாவுக்கும் வெண்ணெய் சட்டை போட்டுவிட்டிருந்தது. ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகப் பாலைக் குடித்தன. எல்லாப் பாலும் போனபின் தீயைக் கொஞ்சம் ஏற்றினோம். ஓரத்தில் குமிழி வந்து ஏழு நிமிஷத்தில் கரண்டியின் முதுகில் போர்வையாக ஏறியது. உப்பு, மிளகு. அவள் நக்கிப் பார்த்துச் சிரித்தாள். "குழந்த சோறு மாதிரி கீது."

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் வளைவு வளைவாக ஏறியது. அவள் மடியில் மத்து.

விடுதி அடுப்பைப் பற்ற வைத்ததும் நான் தீயைக் குறைக்கப் போனேன். கல்யாண அடுப்பு அளவு பர்னர். திருகிக் கடைசிவரை குறைத்தாலும் எங்கள் வீட்டின் முழுத்தீ. அதற்கும் கீழே குறைத்தால் அணைந்தது. வெண்ணெய் போட்ட மாத்திரத்தில் சீறிக் கறுத்தது. மேனேஜர் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டி காஞ்சிருச்சுங்க. மறுக்கா போடறேன்" என்றாள் அவள். குரலில் ஆட்டமில்லை. சட்டியைக் கழுவித் துடைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். சுவரில் சாய்த்திருந்த கனத்த தோசைக்கல்லைத் தூக்கிப் பர்னர்மேல் போட்டு, அதன்மேல் சட்டியை வைத்தாள். தீ கல்லை அடித்தது. கல் சட்டிக்குச் சூட்டை நிதானமாகக் கொடுத்தது.

வெண்ணெய் மெல்ல உருகியது. மைதா நுரைத்தது, வெள்ளையாகவே. நான் கரண்டி கரண்டியாக விட்டேன். இறுகி, இளகி, இறுகி, இளகி. பால் முழுக்கப் போயிற்று.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

ஏழு நிமிஷம் ஆகியும் பால் பாலாகவே இருந்தது. குமிழிகூட இல்லை. மேனேஜர் வாட்சைப் பார்த்தார். "தண்ணியா இருக்கேக்கா?"

"வரும்ங்க."

பத்து நிமிஷம். என் கால்கள் அரித்தன. கல்லை எடுத்துவிட்டு நேரே தீயில் காட்டினால் ஒரு நிமிஷத்தில் முடியும். இடுக்கியை எடுத்தேன். அவள் பார்க்காமலே மத்துப் பிடியால் என் மணிக்கட்டில் தட்டினாள்.

"கல்ல எடுத்த, அடி புடிச்சுக்கும். அடியில கட்டி ஒட்டினா அப்புறம் மேல வரும். சும்மா நில்லுய்யா."

நின்றேன். அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் அதற்கு முன் நான் நின்றதில்லை. அவள் கை நடுவே போய், ஓரத்தை வழித்து, அடியைத் தொட்டு, திரும்ப நடுவே வந்தது. பின்னறைக் கதவு வழியே தெரிந்த ஜன்னலில் மூடுபனி நகர்ந்து பலாமரத்தை மறைத்தது, காட்டியது. பதினைந்தாவது நிமிஷம் சட்டியின் ஓரத்தில் ஒரே ஒரு குமிழி எழுந்து, தயங்கி, வெடித்தது. பிறகு இன்னொன்று. மத்தின் சத்தம் மாறியதைக் காதுதான் முதலில் கண்டுபிடித்தது; சளசளப்பு போய் ஒரு கனமான மூச்சு. மத்து போன தடம் ஒரு கணம் நின்று மூடியது. இன்னும் ஐந்து நிமிஷம் விடாமல் கிண்டி இறக்கினாள்.

மேனேஜர் கரண்டியைத் தோய்த்து எடுத்தார். அதன் முதுகில் விரலால் ஒரு கோடு போட்டார். கோடு வழியாமல் நின்றது. வாயில் வைத்து நாக்கால் மேலண்ணத்தைத் தடவினார், கட்டி தேடி. இரண்டாவது கரண்டியும் எடுத்தார். மூன்றாவதை அவர் எடுத்தபோது அவள் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

"எப்ப வர்றீங்க?"

"வந்துதானேங்க கீறோம்" என்றாள் அவள். "பாஸ்தா எங்க வெச்சிருக்கீங்க?"