பிஸ்கட்டா, திராட்சைச் சாறா?

உணவுத் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு இடங்களிலிருந்து இன்டர்ன்ஷிப் கிடைத்தது. ஒன்று சென்னையில் ஒரு பெரிய பிஸ்கட் கம்பெனி. இன்னொன்று கூடலூர் ரோட்டில், எங்கள் கம்பம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த திராட்சைச் சாறு ஆலை. இரண்டு இடத்துக்கும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவரவர் முடிவு செய்துகொண்டார்கள்.

அண்ணன் பெங்களூரிலிருந்து போனில், "கம்பெனி பேருதான் ரெஸ்யூமேல நிக்கும். யோசிக்காத, சென்னைக்குப் போ" என்றான்.

அம்மாவுக்குப் பேர் முக்கியமில்லை. "சென்னையில ஹாஸ்டல் சாப்பாடு. இங்கன வீட்டுச் சாப்பாடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தா ஏலக்காய் வியாபாரி. காயைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார். மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் திராட்சை ஆலைக்குப் போய்விட்டார். சாறு மொத்தமாக வாங்க வந்த வியாபாரி என்று சொல்லிக்கொண்டாராம். ஆலையில் தரக்கட்டுப்பாட்டைப் பார்க்கும் மேடம் பொறுமையாகச் சுற்றிக் காட்டியிருக்கிறார். கடைசியில் அத்தா கேட்டாராம்: "இங்கன பொம்பளப் புள்ளைகளுக்குப் பாத்ரூம் எங்கன இருக்கு? சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவீக?"

மேடம் சிரித்துக்கொண்டே, "உங்க மக பேரு என்ன சார்?" என்று கேட்டிருக்கிறார்.

அத்தா கையில் இரண்டு பாட்டிலோடு திரும்பி வந்து, "நல்ல மனுசி. சாறுதான் கொஞ்சம் புளிக்குது" என்றார். எனக்கு அந்த ஆலைப் பக்கமே தலைகாட்ட முடியாது என்று தோன்றியது.

ஆனாலும் முடிவு எடுத்தாக வேண்டும். சென்னை கம்பெனியில் எனக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்தவரிடம் பேச நேரம் கேட்டேன். அவர் ஏதோ விமான நிலையத்தில் இருந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "பெரும்பாலும் ஆடிட் டாக்குமெண்ட்டேஷன் வேலைம்மா. ஹெட் ஆபீஸ்லதான் இருப்பீங்க. ஃபேக்டரிக்கு ஒருநாள் விசிட் ஏற்பாடு பண்ணலாம். நான் பாதி நாள் வெளியூர்ல இருப்பேன்." இன்டர்ன்ஷிப் முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்குமா என்று எச்.ஆரிடம் கேட்டேன். இன்டர்ன்களை வேலைக்கு எடுப்பதில்லை, கேம்பஸ் இன்டர்வியூ தனி என்றார்கள். போன வருஷம் அங்கே போன சீனியர் அக்காவைக் கூப்பிட்டேன். "சர்டிபிகேட் சூப்பர். ஏசி இன்னும் சூப்பர். ரெண்டு மாசத்துல பிஸ்கட்ட மட்டும்தான் பாக்கல" என்றார்.

பிறகு வெட்கத்தை விட்டு ஆலை மேடத்துக்குப் போன் போட்டேன். என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவராக இருப்பார். நான் பேரைச் சொன்னதும், "அத்தா நல்லா இருக்காகளா?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். "அவுக கேட்டதுல என்ன தப்பு? நீ கேட்க வேண்டியதை நீ கேளு" என்றார்.

கேட்டேன். அவரும் மறைக்கவில்லை. "முடிச்சதும் இங்க வேலை போட்டுத் தர முடியாது. எங்க பேர் தேனி தாண்டினா யாருக்கும் தெரியாது. ஆனா ஒரு பேட்ச் சாறு முழுக்க உன் பொறுப்பு. பழத்தோட இனிப்பு, புளிப்பு பார்க்கிறது, சூடுபடுத்துறது, பாட்டில் கெடாம எத்தனை நாள் நிக்குதுன்னு பார்க்கிறது எல்லாம் நீதான். தினமும் சாயங்காலம் என்கிட்ட பேசணும். சரியா செய்யலைன்னா திட்டுவேன்."

அன்றே சென்னைக்கு நன்றி சொல்லி, வரவில்லை என்று எழுதிவிட்டேன். அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆலையில் மேடம் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், திட்டுவது உட்பட. என் முதல் பேட்ச்சை அலமாரியில் வைத்துவிட்டுப் பெருமையாக வீட்டுக்குப் போனேன். சில நாள் கழித்து ஒரு மதியம், மூடிகள் ஒவ்வொன்றாகப் படார் படார் என்று தெறித்தன. ஆய்வுக்கூடம் முழுக்க ஊதா. மேடத்தின் வெள்ளைக் கோட்டிலும் ஊதா.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏன்னு கண்டுபிடி. அப்புறம் சுவரைத் துடை" என்றார்.

ஒவ்வொன்றாகச் சோதித்தபோது தெரிந்தது: வெப்பமானியைச் சாறு சூடாகும் இடத்தில் மட்டும் வைத்துப் பார்த்திருக்கிறேன். பாட்டிலில் ஊற்றும்போது சாறு ஆறிவிட்டது. சூடு பத்தாததால் பாட்டிலில் ஒட்டியிருந்த ஈஸ்ட் பிழைத்துக்கொண்டு, சாற்றை உள்ளேயே நொதிக்க வைத்திருக்கிறது. அடுத்த பேட்ச்சில் ஒரு மூடியும் அசையவில்லை.

கடைசி வருஷம் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றின் நேர்முகத் தேர்வில், "இன்டர்ன்ஷிப்ல என்ன தப்பு பண்ணீங்க?" என்று கேட்டார்கள். சுவர் ஊதாவானதிலிருந்து ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேரில் ஒருவர், தன் ஆலையிலும் மாம்பழச் சாறு அப்படி வெடித்த கதையைச் சொல்லத் தொடங்கினார். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி அவர் கதையிலேயே போய்விட்டது. அடுத்த வாரம் வேலைக்கான மெயில் வந்தது.