எம் அளவு ஸ்வெட்டர்

தொமித்திலா லீமாவில் சலவைக்கடை நடத்தத் தொடங்கிப் பதினாறு வருஷமாகிறது. துணியை வாங்கும்போதே உள்தையலில் இருக்கும் லேபிளைப் போனில் படம் பிடித்துக்கொள்வாள். பின்னால் வம்பு வரக்கூடாது பாருங்கள். அப்பேர்ப்பட்டவள்தான் வாடிக்கைக்காரி சென்யோரா ஸொராய்தாவின் சாம்பல் நிற ஸ்வெட்டரை, படுக்கை விரிப்புகளோடு கொதிநீர் மெஷினில் தள்ளினாள். லேபிளில் தொட்டிக்குள் கை விட்ட அடையாளம் இருந்தது. கையால் மட்டும் துவைக்க வேண்டும் என்று அர்த்தம். தெரியாதா அவளுக்கு? நன்றாகத் தெரியும். சோம்பல், வேறென்ன.

வெளியே வந்தது சுருங்கிக் கெட்டித்துப் போன பொம்மைச் சட்டை. ஸொராய்தாவுக்கு வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். குளிருக்கு அவள் நம்பியிருந்தது இந்த ஒன்றைத்தான். சொன்னால் பதினாறு வருஷ நம்பிக்கை போய்விடும் என்று, அதே மாதிரி இன்னொன்றை வாங்கி வைத்துவிடத் தீர்மானித்தாள் தொமித்திலா.

வெந்நீரில் லேபிளின் எழுத்தும் அழிந்திருந்தது. போன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எண்பது சதவீதம் அல்பாக்கா கம்பளி, இருபது நைலான், பெரூவில் செய்தது. கீழே தயாரித்தவரின் பதினோரு இலக்க வரி எண். பத்தில் தொடங்கியதால் கம்பெனி இல்லை, தனி ஆள். மடிப்பில் ஓர் இலக்கம் மங்கலாக இருந்தது. மூன்று என்று போட்டாள். செல்லாத எண் என்றது வரி அலுவலகத் தளம். எட்டு என்று போட்டதும் ஒரு பெண்ணின் பெயரும் அவள் வியாபாரப் பெயரும் வந்தன. அந்தப் பெயரை இணையத்தில் தேடி, கமாரா துணிச் சந்தையில் கடை இருக்குமிடத்தைப் பிடித்தாள்.

"அதே நூல், அதே பின்னல்தான், கசேரிதா. ஆனா எல் அளவு மட்டும்தான் மிச்சம்" என்றாள் கடைக்காரி. கசேரிதா என்பது வாடிக்கைக்காரரைச் செல்லமாகக் கூப்பிடுவது.

தொமித்திலா வாங்கினாள். பழையதிலிருந்த 'எம்' என்ற சின்னத் துண்டு நூலால் நெய்தது என்பதால் அழியவில்லை; வீட்டில் அதைப் பிரித்துப் புதியதில் 'எல்' இருந்த இடத்தில் தைத்தாள். ஊசி பிடித்த கை கூசியது. ஆனாலும் தைத்து முடித்தாள்.

மறுநாள் ஸொராய்தா கடையிலேயே போட்டுப் பார்த்தாள். "அடி தொமி, புதுசு மாதிரி பண்ணிட்டியே!"

பிறகு கையை நீட்டினாள். விரல் நுனிவரை வந்தது. தோள் தொங்கியது. கழற்றி அளவைப் பார்த்தாள்.

"எம் தானே போட்டிருக்கு…" அவள் முகம் வெளுத்தது. "எடை குறைஞ்சா உடனே வரச் சொன்னார் டாக்டர். கட்டி திரும்ப வந்துடுச்சு போல."

அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, மகளுக்குப் போன் செய்ய நம்பரைத் தேடினாள். மகள் எடுத்தாள்.

"அம்மாடி, வேலையை விட்டுட்டு வா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அதற்குப் பிறகுதான் தொமித்திலாவுக்கு வாய் வந்தது. "நீங்க இளைக்கல சென்யோரா. அது உங்க ஸ்வெட்டரே இல்ல. உங்களுத நான் கெடுத்துட்டேன்."

ஸொராய்தா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் போன் பண்ணி முடிக்கிறவரைக்கும் நின்னு பாத்துட்டிருந்தியா?" என்று கேட்டாள்.